கூட்டுக் குடும்பப் படம் எடுக்க போட்டோகிராபரை அமர்த்தும் முன்: கேட்க வேண்டியவை, ஒப்பிட வேண்டிய செலவுகள்

குமரி மாவட்டத்தில் வீட்டில் எல்லோரும் கூடும் நாட்கள் குறைவு. வளைகுடாவிலிருந்து ஒருவர் லீவில் வருவார், சென்னையிலிருந்து இன்னொருவர் கிறிஸ்துமஸுக்கோ ஓணத்துக்கோ வருவார். அந்த இரண்டு மூன்று நாளுக்குள் பாட்டாவையும் பாட்டியையும் நடுவில் உட்கார வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்த ஒரு வேலையைப் பற்றியது: மூன்று தலைமுறை, சுமார் 14 பேர், உள்ளூர் போட்டோகிராபர், வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு பெரிய படம்.

முதல்முறை ஏற்பாடு செய்கிறவர்கள் பெரும்பாலும் போனை எடுத்ததும் "ஃபேமிலி போட்டோ எடுக்க எவ்வளவு ஆகும்?" என்றுதான் கேட்கிறார்கள். நமக்கு என்ன வேண்டும் என்று தெரியாத நிலையில் அவர் தன்னிடம் உள்ள மிகச் சிறிய பேக்கேஜின் தொகையைச் சொல்வார். நான்கு பேரிடம் அப்படிக் கேட்டால் நான்கு வெவ்வேறு பொருள்களுக்கு நான்கு விலை கிடைக்கும், ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. அதனால் விலையைக் கேட்பது இங்கே ஐந்தாவது படியில்தான் வருகிறது.

1. சுவரை அளந்து, பிரிண்ட் அளவை முடிவு செய்யுங்கள்

படம் எந்தச் சுவரில் வரப்போகிறது என்று பாருங்கள். ஹாலில் சோபாவுக்கு மேல் என்றால் 20-க்கு 30 அங்குலம் சரியாக இருக்கும். தம்பி, தங்கை வீடுகளுக்குத் தனிப் பிரதி வேண்டுமென்றால் 12-க்கு 18 போதும்.

இந்த இரண்டு அளவையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான கேமராக்களின் படம் 2-க்கு 3 என்ற விகிதத்தில் இருக்கும். 12-க்கு 18, 20-க்கு 30 இரண்டும் அதே விகிதம், படம் முழுசாக அச்சாகும். 16-க்கு 20, 8-க்கு 10 போன்ற அளவு கேட்டால் பக்கவாட்டில் வெட்ட வேண்டிவரும். குரூப் படத்தில் வெட்டுப்படுவது ஓரத்தில் நிற்கும் மயினியின் தோள்தான். அந்த அளவில் ஃபிரேம் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் படம் எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். இரண்டு பக்கமும் இடம் விட்டு எடுப்பார்.

இதோடு இன்னும் இரண்டு எண்கள் வேண்டும்: எத்தனை பிரதி, எடிட் செய்த சாஃப்ட் காப்பி எத்தனை. முழுக் குடும்பம், பாட்டா-பாட்டி மட்டும், ஒவ்வொரு மகன் மகள் குடும்பமும் தனித்தனி, பேரக்குழந்தைகள் மட்டும் என்று எழுதிப் பார்த்தால் 12 முதல் 15 படம் வரும். இந்தப் பட்டியல்தான் பின்னால் எல்லா விலையையும் ஒரே அளவுகோலில் வைக்க உதவும்.

2. ஆள் பட்டியலும் நாளும்

பெயர் எழுதும்போதே யாரால் நிற்க முடியாது, யாருக்கு வெயில் ஆகாது, எந்தக் குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நேரத்தை முடிவு செய்வது இந்தக் குறிப்புகள்தான்.

நாள் குறிக்கும்போது கல்யாணக் காலத்தைப் பாருங்கள். முகூர்த்த நாளில் நல்ல போட்டோகிராபர் கல்யாண வேலைக்குப் போய்விடுவார், நம் வீட்டுக்கு உதவியாளர் வருவார். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணங்கள் குறைவு. தவக்காலத்திலும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் கத்தோலிக்கக் கல்யாணங்கள் குறைவு. அந்த வாரங்களில் அவரே வருவார், தொகையும் பேசிக் குறைக்கலாம். இதில் ஆடியை நான் சொல்ல மாட்டேன். தென்மேற்குப் பருவமழையும், ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து வரும் காற்றும் சேர்ந்தால் முற்றத்தில் சேலை நிற்காது. மார்கழி நல்லது, விடுமுறைக்கு வருகிறவர்களும் அப்போதுதான் வருவார்கள்.

எந்த மாதமானாலும் மழைக்கு ஒரு மாற்று நாளைப் பிடித்து வையுங்கள். இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு.

3. வீடா, ஸ்டூடியோவா, கடற்கரையா

இதை இப்போதே முடிவு செய்ய வேண்டும். போக்குவரத்து, விளக்கு, நேரம் என்று செலவின் பாதி இதை ஒட்டியே வரும்.

ஸ்டூடியோ என்றால் முதலில் பின்னணித் திரையின் அகலத்தைக் கேளுங்கள். சாதாரணமாகக் கிடைக்கும் காகிதப் பின்னணி ஏறக்குறைய 9 அடி அகலம். 14 பேரில் மூன்று குழந்தைகள் தரையில், ஐந்து பெரியவர்கள் நாற்காலியில், ஆறு பேர் பின்னால் என்று நிறுத்தினால் நாற்காலி வரிசையே 10 அடி பிடிக்கும். 9 அடித் திரைக்குள் அது அடங்காது. ஓரத்தை எடிட்டிங்கில் இழுத்து நிரப்புவார்கள், ஓரத்தில் நிற்பவரின் கையும் சேர்ந்து இழுபடும். நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஸ்டூடியோ நல்லது. 14 பேருக்கு வீட்டு முற்றமே நல்லது.

முற்றத்தில் பார்க்க வேண்டியது ஆழம். பத்தடி வரிசையை இரு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க, முகம் கோணாமல் வரும் சாதாரண லென்ஸுக்கு ஏறக்குறைய 18 முதல் 20 அடி தூரம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் அகலக் கோண லென்ஸைப் போட்டு அருகிலிருந்து எடுப்பார், ஓரத்தில் நிற்பவர்கள் அகலமாகத் தெரிவார்கள். டேப்பால் அளந்து, வெறும் முற்றத்தை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போட்டோகிராபரிடம் அதைக் காட்டியே பேசலாம்.

கடற்கரை வேண்டுமென்று குழந்தைகள் சொன்னால் சூரியன் எந்தப் பக்கம் என்று பாருங்கள். சொத்தவிளை, முட்டம் போன்ற மேற்குக் கரையில் சாயங்காலம் கடலைப் பின்னணியாக வைத்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் போய்விடும், முகம் இருண்டுவிடும். அங்கே நல்ல நேரம் காலைதான், வெளிச்சம் நிலத்துப் பக்கமிருந்து முகத்தில் விழும். வட்டக்கோட்டைப் பக்கம் கிழக்குக் கரை என்பதால் சாயங்காலம் நல்லது. வட்டக்கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டை. விளக்கும் ஸ்டாண்டும் உள்ளே கொண்டுபோக முடியுமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். பத்மநாபபுரம் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் கீழ் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை, கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. இப்படிப்பட்ட இடங்களில் அனுமதி வாங்குவதும் கட்டணம் கட்டுவதும் யார் பொறுப்பு என்று பேசிக்கொள்ளாமல் வண்டி ஏறக்கூடாது.

என் யோசனை இதுதான்: பெரிய படத்தை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். நடக்க முடிந்தவர்கள் மட்டும் வேண்டுமானால் கடற்கரைக்குப் போகட்டும். முழங்கால் வலியோடு மணலில் நடந்து வந்த பாட்டியின் முகத்தில் சிரிப்பு வராது.

4. மாதிரிப் படத்தில் எதைப் பார்ப்பது

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் ஸ்டூடியோக்களுக்குப் பஞ்சமில்லை. எல்லோரிடமும் அழகான கல்யாணப் படங்கள் இருக்கும். கல்யாணப் படம் நன்றாக எடுப்பவர் குரூப் படமும் நன்றாக எடுப்பார் என்று சொல்ல முடியாது. ஒரு ஜோடிக்கு வெளிச்சம் அமைப்பது வேறு, மூன்று வரிசைக்கு அமைப்பது வேறு.

"பத்துப் பேருக்கு மேல் உள்ள குடும்பப் படம், ஒரே வீட்டில் எடுத்தது எல்லாம் வரிசையாகக் காட்டுங்க" என்று கேளுங்கள். தேர்ந்தெடுத்த பத்துப் படத்தில் யாரும் நன்றாகத் தெரிவார்கள். ஒரே நாளின் முழு வேலையில்தான் கை தெரியும்.

காட்டும்போது பெரிதாக்கி மூன்று இடம் பாருங்கள். முதலில் பின்வரிசை முகங்கள், முன்வரிசை அளவுக்குக் கூர்மையாக இருக்கின்றனவா? இல்லையென்றால் பின்னணியை மங்கலாக்கும் ஆசையில் எடுத்திருக்கிறார். அடுத்து வெளிச்சம், முன்வரிசை பளிச்சென்றும் பின்வரிசை இருட்டாகவும் இருந்தால் கேமரா தலையிலிருந்த ஒரே ஃப்ளாஷை நம்பியிருக்கிறார். மூன்றாவது தோலின் நிறம். எல்லோரையும் வெளுக்க வைத்து, பாட்டாவின் சுருக்கத்தை மெழுகிவிடும் பழக்கம் நம் பக்கம் நிறையவே உண்டு. அப்படிப்பட்ட படத்தில் பேரனுக்கும் தாத்தாவுக்கும் ஒரே நெற்றி இருக்கும். "நிறத்தை மாற்றக்கூடாது, சுருக்கத்தை எடுக்கக்கூடாது" என்று இந்தக் கட்டத்திலேயே சொல்லுங்கள். செய்து முடித்த எடிட்டிங்கை மறுபடி செய்யச் சொன்னால் மனத்தாங்கல்தான் வரும்.

5. விலையோடு சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்விகள்

மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, மூன்று பேரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேளுங்கள். பதிலை எழுதிக்கொள்ளுங்கள்.

*யார் வருவார்?* "நீங்களே வருவீங்களா, ஆள் அனுப்புவீங்களா?" ஆள்தான் வருவார் என்றால் நீங்கள் பார்க்க வேண்டியது அந்த ஆள் எடுத்த படங்களை.

*எத்தனை விளக்கு?* முற்றத்தில் 14 பேருக்குக் குடை வைத்த விளக்கு குறைந்தது இரண்டு வேண்டும். ஒரு விளக்கு என்றால் ஒரு பக்கம் நிற்பவர்களின் நிழல் அடுத்தவர் முகத்தில் விழும்.

*எவ்வளவு நேரம், எத்தனை எடிட்?* ஒரு மணி நேரம் என்பது முற்றத்தில் விளக்கு வைப்பதிலிருந்து கணக்கா, முதல் படத்திலிருந்து கணக்கா? கூடுதல் மணிக்கும் கூடுதல் படத்துக்கும் என்ன விலை?

*கண் மூடியவர்களுக்கு என்ன செய்வீர்கள்?* 14 பேரில் ஒருவராவது கண் மூடுவார். நல்லவர்கள் ஒரே இடத்தில் கேமராவை நிறுத்திப் பல படம் எடுத்து, வேறு படத்திலிருந்து அந்த முகத்தை மட்டும் எடுத்துப் பொருத்துவார்கள். அதற்குத் தனிக் காசா என்று கேளுங்கள். லீவு கிடைக்காமல் துபாயில் இருக்கும் மகனைப் பின்னால் சேர்க்க வேண்டியிருந்தால் அதையும் இப்போதே சொல்லுங்கள். அவர் நிற்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு எடுப்பார், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதையும் சொல்லுவார். மகன் அதே பக்க வெளிச்சத்தில் நின்று படம் எடுத்து அனுப்பினால்தான் ஒட்டியது போலத் தெரியாது.

*எங்கே பதிவாகிறது?* ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டில் பதியும் கேமரா இருந்தால் நல்லது. இல்லையென்றால் கிளம்பும் முன் லேப்டாப்பில் ஒரு பிரதி எடுக்கச் சொல்லுங்கள். கார்டு பழுதானால் மறுபடி எடுக்க அந்த 14 பேரும் மறுநாள் ஊரில் இருக்க மாட்டார்கள்.

*சாஃப்ட் காப்பி முழு அளவில் தருவீர்களா, படத்தை யார் பயன்படுத்தலாம்?* சிலர் பிரிண்டுக்கு மட்டும் விலை சொல்வார்கள், சாஃப்ட் காப்பிக்கு அப்புறம் தனித்தொகை கேட்பார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே உங்கள் வீட்டுக் குழந்தைகளின் படத்தைக் கடை வாசல் பலகையிலோ இன்ஸ்டாகிராமிலோ போடுவதற்கு அவர் உங்களிடம் கேட்க வேண்டும். கையெழுத்து வாங்கும் ரசீதுக்குப் பின்னால் உரிமை தன்னுடையது என்று அச்சிட்டிருக்கிறாரா என்று படித்துப் பாருங்கள். உரிமை உங்களுடையது என்பதாலேயே எல்லா மூலக் கோப்பையும் அவர் இலவசமாகத் தர வேண்டும் என்று ஆகாது. அதைப் பேசித்தான் வாங்க வேண்டும்.

6. மூன்று விலையை ஒரே தாளில் போடுவது

முதல் படியில் எழுதிய பட்டியலை இங்கே எடுங்கள். தக்கலைப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். தேவை: வீட்டில் இரண்டு மணி நேரம், 15 எடிட் செய்த சாஃப்ட் காப்பி, 20-க்கு 30 ஃபிரேம் ஒன்று, 12-க்கு 18 ஃபிரேம் நான்கு. கீழே உள்ள தொகைகள் கணக்கு போடும் முறையைக் காட்ட வைத்தவை. உங்களுக்குச் சொன்ன தொகைகளை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலாமவர் நாகர்கோவில் ஸ்டூடியோ. பேக்கேஜ் 4,500 ரூபாய்: ஒரு மணி நேரம், 5 எடிட், 12-க்கு 18 ஃபிரேம் ஒன்று. கேட்கவே குறைவாக இருக்கிறது. இப்போது தேவையை அதில் ஏற்றுங்கள். கூடுதல் மணி 1,500, மீதி 10 எடிட் தலா 200 வீதம் 2,000, வண்டிச் செலவு 600, இன்னும் மூன்று சிறிய ஃபிரேம் தலா 900 வீதம் 2,700, பெரிய ஃபிரேம் 2,800. மொத்தம் 14,100. ஜி.எஸ்.டி. தனி என்று சொல்லியிருந்தால் 18 சதவீதம், அதாவது 2,538 சேர்ந்து 16,638 ஆகும்.

இரண்டாமவர் மார்த்தாண்டத்தில் தனியாக வேலை செய்பவர். 9,000 ரூபாய்: இரண்டு மணி நேரம், 20 எடிட், சாஃப்ட் காப்பி முழுவதும், வண்டிச் செலவு உட்பட. பிரிண்ட் கிடையாது. லேபில் நாமே கொடுத்தால் பெரிய ஃபிரேம் 2,400, சிறியவை நான்கும் தலா 750 வீதம் 3,000. மொத்தம் 14,400.

மூன்றாமவர் பக்கத்து ஊர் ஸ்டூடியோ. 7,000 ரூபாய்: அரை நாள், 15 எடிட், 20-க்கு 30 ஃபிரேம் உட்பட. சிறியவை தலா 800 வீதம் 3,200, முழு அளவு சாஃப்ட் காப்பி பென்டிரைவில் 2,000. மொத்தம் 12,200.

ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் 4,500 சொன்னவர் கடைசியில் மிக அதிகமாக வந்து நிற்கிறார். அவர் ஏமாற்றவில்லை, சிறிய வேலைக்கான பேக்கேஜில் பெரிய வேலையை ஏற்றினோம், அவ்வளவுதான். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு சின்ன ஃபிரேம் மட்டும் என்றால் இவரிடமே போகலாம்.

இனி மூன்றாமவருக்கும் இரண்டாமவருக்கும் 2,200 வித்தியாசம். எழுதிவைத்த பதில்களைப் பாருங்கள். மூன்றாமவரிடம் ஒரே விளக்கு. "இன்னொரு விளக்கு வாடகைக்கு எடுத்து வாங்க, அதுக்கு 500 தாரேன்" என்று பேசினால் 12,700-ல் முடியும். அவருடைய பெரிய குரூப் படங்களில் பின்வரிசை தெளிவாக இருந்தால் நான் அவரையே அமர்த்துவேன். மாதிரியில் பின்வரிசை இருண்டிருந்தால் 1,700 அதிகம் கொடுத்து இரண்டாமவரிடம் போவதே சரி. விளக்கை வாடகைக்கு வாங்கலாம், அதை எங்கே வைக்க வேண்டும் என்ற பழக்கம் ஒரே நாளில் வராது.

ஜி.எஸ்.டி. பற்றி ஒன்று: பதிவு செய்தவர் மட்டுமே அந்த வரியை வாங்கலாம். பில்லில் 15 இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். எண் இல்லாமல் வரி மட்டும் கேட்டால் கொடுக்காதீர்கள்.

7. முன்பணம் கொடுக்கும் முன் ஒரு செய்தி

பேசியதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, அவர் "சரி" என்று பதில் போட்ட பிறகே முன்பணம். இப்படி எழுதினால் போதும்:

> அண்ணே, பேசினது இதுதான்: 28ஆம் தேதி காலை 8 முதல் 10 வரை வீட்டில், நீங்களே வரணும், இரண்டு விளக்கு. எடிட் 15, முழு அளவு சாஃப்ட் காப்பி, 20-க்கு 30 ஃபிரேம் ஒன்று, 12-க்கு 18 நான்கு. எல்லாம் சேர்த்து 12,700. முன்பணம் 3,000, படம் பார்த்துத் தேர்ந்தெடுத்ததும் 5,000, மீதி ஃபிரேம் தரும்போது. மழை என்றால் 30ஆம் தேதி, கூடுதல் காசு இல்லை. ஜனவரி 10-க்குள் எல்லாம் தரணும். எங்கள் சம்மதம் இல்லாமல் எங்கும் போடக்கூடாது. சரியா?

பணத்தை மூன்றாகப் பிரிப்பதன் காரணம் தேதி. முழுத் தொகையையும் முதல் நாளே கொடுத்துவிட்டால், அடுத்த கல்யாண சீசன் தொடங்கியதும் நம் ஃபிரேம் பின்னுக்குப் போகும். லீவு முடிந்து கிளம்புகிறவர் தன் பிரதியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டுமென்றால் அந்த ஒரு பிரதிக்கு மட்டும் முந்தைய தேதி எழுதுங்கள்.

8. படம் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை

சாஃப்ட் காப்பியை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் ஏற்காதீர்கள். அப்படி அனுப்பும்போது அளவு சுருங்கிவிடும். பென்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ வாங்குங்கள், வாட்ஸ்அப் என்றால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் படத்தின் விவரத்தைத் திறந்தால் பிக்சல் அளவு தெரியும். 24 மெகாபிக்சல் கேமராவின் முழுப் படம் 6000-க்கு 4000 பிக்சல் இருக்கும். 20-க்கு 30 பிரிண்டில் அங்குலத்துக்கு 200 பிக்சல் வரும், சுவரில் பார்க்கும் தூரத்துக்கு அது போதும். நீளப்பக்கம் 1600 பிக்சல் மட்டும் இருந்தால் அது சுருங்கிய படம், 12-க்கு 18 அச்சிலேயே முகம் குழையும்.

ஐந்து ஃபிரேமும் அச்சடிக்கும் முன் ஒரு சிறிய பிரிண்ட் மட்டும் போட்டு வாங்குங்கள். பகல் வெளிச்சத்தில், படத்தில் இருப்பவர் ஒருவரை அருகில் நிறுத்திப் பாருங்கள். தோலின் நிறம் ஒத்துப்போனால் மற்றதை அச்சடிக்கச் சொல்லலாம்.

ஃபிரேமில் கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களிலும், மழை நாளில் ஈரம் ஊறும் சுவர்களிலும், கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஈரம் சேர்ந்து படம் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சைப் புள்ளி விழும். ஒட்டிய படத்தை உரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் மவுண்ட் அட்டை வைத்துத் தரச் சொல்லுங்கள், அல்லது கண்ணாடி இல்லாமல் கேன்வாஸில் அச்சடியுங்கள். மாட்டும்போது ஃபிரேமின் பின்புறம் கீழ் மூலைகளில் சின்ன ரப்பர் துண்டு ஒட்டினால் சுவருக்கும் ஃபிரேமுக்கும் இடையில் காற்றுப் போகும்.